டிவிடெண்டை வாங்கிவிட்டு மாறலாமா, அதற்கு முன்பே மாறலாமா?

வாசகர் கடிதம்

ஐயா, எனக்கு வயது 42. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். ஆண்டுச் சம்பளம் 28 லட்சம் ரூபாய். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். 2023 ஏப்ரலில், பங்குகள் அதிகமுள்ள ஒரு ஹைபிரிட் ஃபண்டின் டிவிடெண்ட் பிரிவில் 10 லட்சம் போட்டேன். அப்போது என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, 25 ரூபாய். 40,000 யூனிட்டுகள் கிடைத்தன. 2024, 2025 ஆகிய இரண்டு மார்ச் மாதங்களிலும் 20 சதவீத டிவிடெண்ட் அறிவித்தார்கள். ஒவ்வொரு முறையும் டிடிஎஸ் போக 72,000 ரூபாய் வங்கிக்கு வந்தது. வரியைத்தான் பிடித்துவிட்டார்களே என்று ரிட்டர்னில் காட்டவில்லை. வந்த பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிட்டது.

இந்த முதலீடு, இப்போது 9 வயதாகும் மகளின் கல்லூரிப் படிப்புக்கானது. டிவிடெண்ட் தராமல் லாபத்தை ஃபண்டுக்குள்ளேயே வளரவிடும் குரோத் பிரிவுக்கு மாறும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். டிவிடெண்ட் பிரிவின் என்ஏவி இன்று 29 ரூபாய். குரோத் பிரிவில் 62.50. இவ்வளவு விலை ஏறிய பிறகு அதில் நுழையலாமா? என் முகவர், "மார்ச்சில் டிவிடெண்ட் வரப்போகிறது, அதை வாங்கிக்கொண்டு மாறுங்கள்" என்கிறார்.

அம்மாவுக்கு 67 வயது. குடும்ப ஓய்வூதியம் மாதம் 30,000. வங்கி வட்டி ஆண்டுக்கு 1.2 லட்சம். முதிர்ந்து வந்திருக்கும் 15 லட்சத்தை இதே ஃபண்டில் போட்டு, மாதம் 10,000 ரூபாய் வரும்படி செய்ய நினைக்கிறேன். அவருக்கும் குரோத்தா, டிவிடெண்டா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை. பிப்ரவரி 2026.

ஆலோசகர் பதில்

உங்கள் கடிதத்தில் நல்ல விஷயம், தேதியும் தொகையும் தெளிவாக இருப்பது. அதனால் பொதுப்படையாகப் பேசாமல் உங்கள் எண்களை வைத்தே பேசலாம். நேரமும் குறைவு, மார்ச் பிறந்துவிட்டால் இதில் பாதி கணக்கு மாறிவிடும்.

முதலில் அந்த 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். ஃபண்ட் நிறுவனங்கள் டிவிடெண்டைச் சதவீதத்தில் சொல்லும்போது அது பெரும்பாலும் யூனிட்டின் முக மதிப்பான 10 ரூபாய்க்கான சதவீதம். அதாவது உங்களுக்கு வந்தது யூனிட்டுக்கு 2 ரூபாய். 29 ரூபாய் யூனிட்டில் 2 ரூபாய் என்றால் ஏறக்குறைய 7 சதவீதம்தான். வைப்புத்தொகை வட்டியோடு ஒப்பிட்டு, 'இங்கே 20, அங்கே 7' என்று மனத்தில் ஒரு கணக்கு ஓடியிருந்தால் அதை அழித்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது, அந்த 2 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பது. யாருக்கெல்லாம் டிவிடெண்ட் என்று தீர்மானிக்கும் பதிவு தேதிக்கு முந்தைய நாள் 29 ஆக இருந்த என்ஏவி, டிவிடெண்ட் கொடுத்த பிறகு 27 ஆக இறங்கும். சந்தையின் அன்றைய ஏற்ற இறக்கம் தனி. உங்கள் 40,000 யூனிட்டின் மதிப்பு 11,60,000 ரூபாயிலிருந்து 10,80,000 ஆகும். குறைந்த 80,000 உங்கள் வங்கிக் கணக்கை நோக்கி வரும், வழியில் வரியும் பிடிக்கப்படும். ஒரு நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பவருக்கு அந்த நிறுவனம் தன் லாபத்திலிருந்து தருவதும் இதுவும் ஒன்றல்ல. உங்கள் வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போடுகிறார்கள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2021 ஏப்ரல் 1 முதல் 'டிவிடெண்ட்' என்ற பெயரையே நீக்கி, 'வருமானப் பகிர்வும் மூலதனம் திரும்பப் பெறுதலும்' என்று பொருள்படும் ஐடிசிடபிள்யூ என்ற நீண்ட பெயரை வைக்கச் சொன்னது. பேச்சில் இன்னும் எல்லோரும் டிவிடெண்ட் என்றே சொல்கிறோம். நானும் அப்படியே சொல்கிறேன். ஆனால் அந்தப் பெயரில் உள்ள 'மூலதனம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பகிர்ந்தளிக்கப்படும் தொகையில் ஒரு பகுதி நீங்கள் போட்ட பணமாகவே இருக்கலாம். கணக்கு அறிக்கையில் இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வரித்துறை அப்படிப் பிரிப்பதில்லை. வந்தது முழுவதையும் டிவிடெண்ட் என்றே எடுத்துக்கொண்டு, உங்கள் அடுக்குக்கு உரிய விகிதத்தில் வரி கேட்கும்.

62.50 ரூபாய் 'விலை அதிகம்' அல்ல

குரோத் பிரிவின் என்ஏவி ஏன் 62.50? அதில் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு பிரிவுகளுக்கும் பின்னால் இருப்பது ஒரே பங்குத் தொகுப்பு, ஒரே ஃபண்ட் மேலாளர். நீங்கள் ஒரு லட்சம் ரூபாயோடு போனால் டிவிடெண்ட் பிரிவில் சுமார் 3,448 யூனிட்டுகள், குரோத்தில் 1,600 யூனிட்டுகள் கிடைக்கும். தொகுப்பு 10 சதவீதம் உயர்ந்தால் இரண்டுமே 1,10,000 ரூபாய் ஆகும். ஒரு கிலோ அரிசியைப் பெரிய படியால் அளந்தாலும் சிறிய படியால் அளந்தாலும் அரிசி கூடுவதில்லை.

வாங்கிக்கொண்டு மாறினால் என்ன ஆகும்?

உங்கள் முகவர் சொன்னது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது: வரவிருப்பதை ஏன் விட வேண்டும்? ஆனால் நீங்கள் எதையும் விடுவதில்லை. டிவிடெண்டுக்கு முன்பே மாறினால் 29 ரூபாய் மதிப்பில் மாறுகிறீர்கள்; அந்த 2 ரூபாயும் அதற்குள்தான் இருக்கிறது. கேள்வி, அந்த 2 ரூபாய்க்கு எந்தப் பெயரில் வரி கட்டப்போகிறீர்கள் என்பது மட்டும்தான்.

ஒரே ஃபண்டுக்குள் டிவிடெண்டிலிருந்து குரோத்துக்கு மாறுவதைச் சட்டம் 'விற்று, மீண்டும் வாங்கியது' என்றே பார்க்கிறது. உங்கள் ஃபண்டில் இந்தியப் பங்குகள் 65 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அது பங்குசார் ஃபண்ட். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளின் லாபம் நீண்ட கால மூலதன ஆதாயம். ஒரு நிதியாண்டில் இத்தகைய ஆதாயங்களில் முதல் 1.25 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும். இரண்டையும் சேர்த்தால் 13 சதவீதம். டிவிடெண்டுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. உங்கள் வருமானம் 24 லட்சத்தைத் தாண்டியது என்பதால் 30 சதவீத அடுக்கு, செஸ்ஸோடு 31.2 சதவீதம், முதல் ரூபாயிலிருந்தே.

இப்போது இரண்டு பாதைகளையும் நடந்து பார்ப்போம்.

மார்ச்சில் டிவிடெண்டை வாங்கிக்கொண்டு மாறினால், 80,000 ரூபாய் டிவிடெண்டுக்கு வரி 24,960. பிறகு 27 ரூபாயில் மாறும்போது யூனிட்டுக்கு 2 ரூபாய் ஆதாயம், மொத்தம் 80,000. அது 1.25 லட்சத்துக்குள் அடங்குவதால் வரி இல்லை. மொத்தம் 24,960.

இப்போதே 29 ரூபாயில் மாறினால், யூனிட்டுக்கு 4 ரூபாய் வீதம் ஆதாயம் 1,60,000. விலக்கு போக 35,000 ரூபாய்க்கு 13 சதவீதம்: 4,550. அவ்வளவுதான்.

வித்தியாசம் 20,410 ரூபாய். முகவர் தவறான எண்ணத்தோடு சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. 2020 மார்ச் வரை டிவிடெண்ட் வரியை ஃபண்ட் நிறுவனமே கட்டிவிடும். முதலீட்டாளர் கைக்கு வந்த பிறகு வரி கிடையாது. அந்தக் காலத்துப் பேச்சு இன்னும் பலர் வாயில் தங்கிவிட்டது.

இந்தக் கணக்கு சரியாக இருக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. இந்த நிதியாண்டில் வேறு பங்குகளையோ பங்குசார் ஃபண்டுகளையோ விற்று நீண்ட கால லாபம் பார்த்திருக்கக் கூடாது, பார்த்திருந்தால் 1.25 லட்ச விலக்கில் அந்த அளவு ஏற்கெனவே தீர்ந்திருக்கும். இரண்டாவது, 2023 ஏப்ரலுக்குப் பிறகு இதே ஃபோலியோவில், அதாவது இதே ஃபண்ட் கணக்கில், பணம் சேர்த்திருந்தால், ஓராண்டு நிறையாத யூனிட்டுகளின் லாபத்துக்கு 20 சதவீத வரி. முதலில் வாங்கியது முதலில் விற்கப்படும் என்ற வரிசையில்தான் கணக்கிடுவார்கள்.

சீக்கிரம் வெளியேறினால் பிடிக்கும் கட்டணமான எக்ஸிட் லோடு பற்றியும் பயம் வேண்டாம். பெரும்பாலான பங்குசார் ஃபண்டுகளில் அது முதல் ஓராண்டுக்குத்தான். நீங்கள் அதைக் கடந்துவிட்டீர்கள். ஆனால் குரோத்தில் கிடைக்கும் புது யூனிட்டுகளுக்குக் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். அடுத்த 12 மாதங்களுக்கு அதில் கை வைத்தால் 20 சதவீத வரி வரும், எக்ஸிட் லோடும் வரலாம். பரிவர்த்தனை வரியும் முத்திரைக் கட்டணமும் சேர்ந்து உங்கள் தொகைக்கு நூறு ரூபாயைத் தாண்டாது.

மகள் 18 வயதைத் தொடும்போது

ஒன்பது ஆண்டுகள் எடுக்க வேண்டாத பணத்தை ஆண்டுதோறும் ஏன் எடுக்க வேண்டும்? இதுதான் உங்கள் விஷயத்தில் முதல் கேள்வி. வரி அடுக்கு அதற்கு அடுத்ததுதான். இரண்டும் ஒரே பக்கம் சாய்வதால் உங்களுக்கு முடிவு எளிது.

எவ்வளவு சாய்கிறது என்று பார்க்க, ஒரு 10 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். ஃபண்ட் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொள்கிறேன். இது கணக்குக்கான அனுமானம் மட்டுமே. சந்தை இப்படி நேர்கோட்டில் போகாது. குரோத்தில் அது ஒன்பது ஆண்டு முடிவில் ஏறத்தாழ 23.58 லட்சம். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்தால் வரி சுமார் 1.60 லட்சம், கையில் 21.98 லட்சம். டிவிடெண்ட் பிரிவில், அதே 10 சதவீத வளர்ச்சியில் 8 சதவீதத்தை ஆண்டுதோறும் பகிர்ந்தளிக்கிறார்கள், நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் வரி போக மீதியை அதே ஃபண்டில் திரும்பப் போடுகிறீர்கள் என்று வைத்தால், கடைசியில் கையில் நிற்பது சுமார் 19.02 லட்சம். ஏறக்குறைய 2.95 லட்சம் குறைவு. காரணம், ஒவ்வோர் ஆண்டும் வரியாகப் போன பணம் அடுத்த ஆண்டுகளில் உங்களுக்காக வளர்ந்திருக்க வேண்டிய பணம்.

இதுவே ஒழுங்காகத் திரும்ப முதலீடு செய்தவரின் கணக்கு. நீங்களோ அது வீட்டுச் செலவில் கரைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டில் 1.44 லட்சம் ரூபாய், மகளின் படிப்புக்கென்று எடுத்து வைத்ததிலிருந்து. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வங்கிக் கணக்கில் தானாக வந்து விழும் பணம் எல்லா வீட்டிலும் இப்படித்தான் போகிறது.

டிவிடெண்டைத் தானாகவே யூனிட்டுகளாகத் திரும்பப் போடும் மறுமுதலீட்டுப் பிரிவும் உண்டே என்று கேட்கலாம். அதில் பணம் உங்கள் கண்ணிலேயே படாது, ஆனால் வரி மட்டும் வரும். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு மூன்றிலும் மோசமானது அதுதான் என்பேன்.

குரோத்துக்கும் ஒரு ஆபத்து உண்டு: வரியைத் தள்ளிப்போடுகிறீர்கள், தள்ளிப்போடும் காலத்தில் விகிதம் மாறலாம். பங்குசார் ஃபண்டுகளின் நீண்ட கால ஆதாயத்துக்கு 2018 மார்ச் வரை வரியே இல்லை. அந்த ஏப்ரலில் ஒரு லட்சத்துக்கு மேல் 10 சதவீதம் வந்தது. 2024 ஜூலை 23 முதல் அது 12.5 ஆனது, விலக்கு 1.25 லட்சமானது. 2035இல் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் 13க்கும் 31.2க்கும் உள்ள இடைவெளி பெரியது.

எடுக்கும்போது ஒரே நாளில் எடுக்காதீர்கள். மகள் 16 வயதைத் தொட்டதும் தொடங்கி, மூன்று நிதியாண்டுகளில் பிரித்து எடுத்து வைப்புத்தொகைக்கோ லிக்விட் ஃபண்டுக்கோ மாற்றுங்கள். 1.25 லட்ச விலக்கு மூன்று முறை கிடைக்கும். இன்றைய விகிதத்தில் கூடுதலாக 32,500 ரூபாய் மிச்சம். அதைவிட, கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில் சந்தை சரிந்து கிடந்தாலும் உங்களுக்குக் கவலை இருக்காது.

ரிட்டர்னில் காட்டாத இரண்டு டிவிடெண்டுகள்

இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என் மேசையில் இருந்தால் முதலில் இதைத்தான் எடுப்பேன். டிடிஎஸ் என்பது முன்பணம், முழு வரி அல்ல. 80,000 ரூபாய்க்கு அவர்கள் பிடித்தது 10 சதவீதம், அதாவது 8,000. உங்கள் அடுக்கில் வரி 24,960. ஆண்டுக்கு 16,960 ரூபாய் பாக்கி இருக்கிறது. வருமான வரி இணையதளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால், ஃபண்ட் நிறுவனம் தெரிவித்த டிவிடெண்ட் அதில் நிற்கும். உங்கள் ரிட்டர்னில் அது இல்லை என்பதைக் கண்டுபிடிக்க யாரும் துப்பறிய வேண்டியதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கும் திருத்திய ரிட்டர்ன் போடும் கெடு முடிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது புதுப்பித்த ரிட்டர்ன். பாக்கி வரி, வட்டி ஆகியவற்றோடு, அந்தக் கூட்டுத் தொகையில் 25 சதவீதம் கூடுதல் வரி கட்ட வேண்டும்; தாமதித்தால் அது 50 சதவீதமாகும். 2024 மார்ச்சில் வாங்கிய டிவிடெண்டுக்கு அந்த 25 சதவீத வாய்ப்பு இந்த 2026 மார்ச் 31 வரை மட்டும்தான். 2025 மார்ச் டிவிடெண்டுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. ஆனால் ஒன்றைச் செய்யும்போதே இரண்டையும் முடித்துவிடுவது நல்லது. துறையிலிருந்து நோட்டீஸ் வந்த பிறகு இந்த வழி இவ்வளவு எளிதாக இருக்காது.

இந்த ஆண்டு மாறும்போது வரும் மூலதன ஆதாயத்தை வரும் ரிட்டர்னில் காட்ட மறக்காதீர்கள். 1.25 லட்சத்துக்கு வரி இல்லை என்றாலும் 1.60 லட்சம் முழுவதையும் காட்டித்தான் விலக்கு கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு வேறு பதில்

உங்களுக்குச் சொன்னதை அப்படியே அம்மாவுக்கு வைக்க முடியாது. அவருடைய வரி அடுக்கும் வேறு, தேவையும் வேறு.

அவருடைய ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு 4.8 லட்சம். குடும்ப ஓய்வூதியத்துக்குப் புதிய முறையில் 25,000 ரூபாய் கழிவு உண்டு. இதன் மேல் ஆண்டுக்கு 1.2 லட்சம் டிவிடெண்ட் வந்தாலும் மொத்தம் 6 லட்சத்தைத் தாண்டாது. புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு, அடுக்குப்படி வரும் வரியை ரிபேட் என்ற வரித் தள்ளுபடி துடைத்துவிடுகிறது. டிவிடெண்டும் அந்த ரிபேட்டுக்குள் வரும். ஆக, அம்மாவுக்கு டிவிடெண்ட் வரி பூஜ்யம். ஓராண்டில் ஒரு ஃபண்ட் நிறுவனத்திலிருந்து 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் டிடிஎஸ் பிடிப்பார்கள். வரி கட்ட வேண்டிய வருமானம் இல்லை என்ற உறுதிமொழிப் படிவத்தை நிதியாண்டின் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் அதையும் தவிர்க்கலாம்.

குரோத்தில் போட்டு மாதம் 10,000 ரூபாய் எடுக்கும் எஸ்டபிள்யூபி முறையிலும் வரி கிட்டத்தட்ட இல்லை. எடுக்கும் தொகையில் லாபப் பகுதிக்கு மட்டுமே வரி. அது ஆண்டுக்கு 1.25 லட்சத்தைத் தொட வாய்ப்பே இல்லை, ஏனென்றால் எடுப்பதே 1.2 லட்சம்தான். முதல் ஓராண்டில் எடுப்பவற்றின் சிறு லாபத்துக்கு மட்டும் 20 சதவீதம் வரும். சில ஃபண்டுகளில் எக்ஸிட் லோடும் இருக்கும். ரிபேட் இந்த வகை ஆதாயங்களுக்குக் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கடைசி வரியில் ஒரு விதிவிலக்கு ஒளிந்திருக்கிறது. 12 லட்சத்துக்குள் வருமானம் உள்ள ஒருவர், பெரிய முதலீட்டிலிருந்து ஆண்டுக்கு மூன்று, நான்கு லட்சம் லாபம் எடுக்கிறார் என்றால், குரோத்தில் 1.25 லட்சத்துக்கு மேலுள்ள ஆதாயத்துக்கு அவர் 13 சதவீதம் கட்டியாக வேண்டும். அதே தொகை டிவிடெண்டாக வந்து, மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் நின்றால் வரி இல்லை. குரோத்தான் எப்போதும் சிறந்தது என்ற நண்பர்கள் வாக்கு பொய்க்கும் இடம் இது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 'என் அடுக்கு 15 சதவீதம், ஆதாய வரி 12.5, ஆகவே டிவிடெண்ட் வாங்கினாலும் பெரிய நஷ்டமில்லை' என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். வருமானம் 12 லட்சத்தைத் தாண்டி, ரிபேட் கிடைக்காதவர்கள் பலர் இப்படி யோசிக்கிறார்கள். டிவிடெண்டில் வருவது முழுவதற்கும் வரி. குரோத்திலிருந்து ஒரு லட்சம் எடுக்கும்போது, முதலீடு 20 சதவீதம் வளர்ந்திருந்தால், லாபம் சுமார் 16,700 ரூபாய்தான். மீதி போட்ட பணம். அதுவும் 1.25 லட்ச விலக்குக்குள் போய்விடும். விகிதத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம்; விகிதம் எந்தத் தொகைமேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

அம்மாவுக்குத் திரும்புவோம். வரி இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால், முடிவு பணம் எவ்வளவு உறுதியாக வரும் என்பதில்தான் இருக்கிறது. டிவிடெண்டுக்கு உத்தரவாதம் கிடையாது. பகிர்ந்தளிக்க உபரி இருந்தால், அறங்காவலர்கள் முடிவு செய்தால் வரும். அளவும் அவர்கள் முடிவு. சந்தை விழுந்த ஆண்டில் அது குறையும், நிற்கவும் செய்யும். மருந்துக் கடைக்காரர் அதற்காகக் காத்திருக்க மாட்டார். எஸ்டபிள்யூபியில் 10,000 தவறாமல் வரும், ஆனால் எந்தச் செலவில் என்று பாருங்கள்: 15 லட்சத்துக்கு ஆண்டுக்கு 1.2 லட்சம் என்பது 8 சதவீதம். சந்தை 20 சதவீதம் இறங்கி முதலீடு 12 லட்சமானால் அதுவே 10 சதவீதம். விலை இறங்கிய நேரத்தில் அதிக யூனிட்டுகளை விற்கிறீர்கள். சந்தை மீளும்போது மீள்வதற்கு யூனிட்டுகள் குறைந்திருக்கும்.

ஆகவே, அம்மாவின் மாதச் செலவுக்கான பணத்தை இந்த ஃபண்டில் போடாதீர்கள் என்பதே என் கருத்து. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2023 ஏப்ரல் முதல் 8.2 சதவீதம் தருகிறது. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 15 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 30,750 ரூபாய் வட்டி, மாதத்துக்கு 10,250. நீங்கள் கேட்ட தொகை, அஞ்சலகத்தில் அல்லது வங்கியில், ஐந்து ஆண்டுகளுக்கு மாறாத விகிதத்தில். வட்டிக்கு அடுக்குப்படி வரி என்றாலும் ரிபேட்டால் அதுவும் பூஜ்யம். புதிய கணக்குகளுக்கான விகிதத்தை அரசு ஒவ்வொரு காலாண்டும் அறிவிக்கும் என்பதால், முடிவெடுத்தால் தள்ளிப்போட வேண்டாம்.

இதன் குறை, ஐந்து ஆண்டுக்கும் அதே தொகைதான் வரும். மருந்து விலை அப்படியே நிற்காது. வங்கி வட்டியில் அவருக்கு மிச்சமாகிறது என்றால், 12 லட்சத்தைச் சேமிப்புத் திட்டத்திலும் 3 லட்சத்தை இந்த ஃபண்டின் குரோத் பிரிவிலும் வைக்கலாம். அப்போது மாதத்துக்கு 8,200 வரும். அந்த 3 லட்சத்தை ஐந்து ஆண்டுகளுக்காவது தொடக் கூடாது. மிச்சமில்லை என்றால் முழுத் தொகையும் சேமிப்புத் திட்டத்துக்கே போகட்டும். இதை நீங்கள் மட்டும் முடிவு செய்யாமல், அம்மாவிடம் அவருடைய மாதச் செலவைக் கேட்டு எழுதிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மாற்றும்போது

ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்திலோ சேவை மையத்திலோ 'சுவிட்ச்' கோரிக்கை கொடுக்க வேண்டும். 'எல்லா யூனிட்டுகளும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொகையை எழுதினால் சில யூனிட்டுகள் மிஞ்சி, அவற்றுக்கு மார்ச்சில் டிவிடெண்ட் வந்து, வரும் ரிட்டர்னில் மறுபடி தலைவலி. பதிவு தேதி அறிவிப்பதற்கும் அந்தத் தேதிக்கும் இடையே சில நாள்களே இருக்கும், ஆகவே அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். எப்படியும் விற்று வாங்குவதாகவே கணக்கிடப்படும் என்பதால், நேரடித் திட்டத்தின் குரோத்துக்கே போகலாமா என்றும் யோசியுங்கள்; முகவர் கமிஷன் இல்லாததால் அதில் ஆண்டுச் செலவு குறைவு. அவருடைய ஆலோசனை தொடர்ந்து தேவை என்றால் இருக்கிற திட்டத்திலேயே மாறுங்கள், அதில் தவறில்லை.

சுவிட்ச் முடிந்த சில நாள்களில் வரும் கணக்கு அறிக்கையில் டிவிடெண்ட் பிரிவின் இருப்பு பூஜ்யம் என்றும், குரோத் பிரிவில் 62.50 ரூபாய் விலைக்கு ஏறத்தாழ 18,560 யூனிட்டுகள் என்றும் இருக்க வேண்டும். யூனிட் எண்ணிக்கை 40,000இலிருந்து 18,560 ஆகக் குறைந்திருப்பதைப் பார்த்து வீட்டில் யாராவது பதறினால், அரிசிப் படியைச் சொல்லுங்கள்.